மாமரத்தடியில் நிற்கப் போகும் கண்ணாடிக் கூரை

வாசகர் கடிதம்:

ஐயா, எனக்கு 36 வயது. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன், வேலை உம்ஷ்லாங்காவில். தினமும் என்2 நெடுஞ்சாலை, மாதம் ஒரு முறை பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் மாமனார் வீடு. ஆண்டுக்கு 25,000 கிலோமீட்டர் ஓடும். ஒரே மாடலில் இரண்டு கார் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று புதுசு, சாதாரண ரகம், 16 அங்குலச் சக்கரம், 412,000 ராண்ட். இன்னொன்று 9 மாத டெமோ கார், உயர்ந்த ரகம், பனோரமிக் சன்ரூஃப், 18 அங்குல டைமண்ட் கட் அலாய் வீல், 460,000 ராண்ட். 'மாதம் 800 ராண்ட்தான் கூட வரும்' என்கிறார் விற்பனையாளர். 11.75 சதவீத வட்டி, 72 மாதம், கடைசியில் 30 சதவீதத்தை மொத்தமாகக் கட்டும் பலூன். டயர் கடையில் கேட்டேன்: 16க்கு ஒரு டயர் 2,100, 18க்கு 3,200.

என் கணக்கு இப்படி: சன்ரூஃப் திறந்தால் சூடு வெளியே போய்விடும், ஏசி குறைவாகப் போதும். ரப்பர் நன்றாக இருந்தால் ஒழுகாது. பெரிய சக்கரம் என்றால் பிடிமானம் அதிகம், பாதுகாப்பு. விற்கும்போதும் விலை வரும். மகளுக்கு அந்தக் கூரை ரொம்பப் பிடித்துவிட்டது. என் மனைவிக்கு மட்டும் தயக்கம். வீட்டில் கராஜ் இல்லை, முற்றத்து மாமரத்தடியில்தான் நிறுத்துவோம். யார் சொல்வது சரி?

பதில்:

அன்புள்ள தம்பி,

கடிதத்தில் நீங்கள் கடைசியாக, போகிற போக்கில் எழுதிய வரியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொண்டேன். மாமரம். டர்பனில் இருபது வருஷத்துக்கு மேல் காப்பீட்டுக்காக விபத்துக் கார்களையும் பழுதான கார்களையும் மதிப்பீடு செய்தவன் நான். அந்த வேலையில் சன்ரூஃப் கார் ஒன்று ஈரக் கம்பள வாசனையோடு வந்து நின்றால், முதல் கேள்வி 'எந்த மரத்தடியில் நிறுத்துகிறீர்கள்' என்பதுதான்.

ரப்பர் தண்ணீரைத் தடுக்கும் என்பது

இதைத்தான் பெரும்பாலோர் தவறாக நினைக்கிறார்கள், அதனால் உங்கள் மேல் குற்றம் இல்லை. சன்ரூஃபைச் சுற்றியுள்ள ரப்பர் காற்றையும் பெரும்பகுதி மழையையும் தடுக்கத்தான் இருக்கிறது. அதைத் தாண்டி கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரும் என்று தெரிந்தேதான் அந்தக் கூரையை வடிவமைக்கிறார்கள். கண்ணாடிக்குக் கீழே சுற்றிலும் ஒரு வாய்க்கால் இருக்கிறது. அதன் மூலைகளில் விரல் தடிமன்கூட இல்லாத குழாய்கள் இறங்குகின்றன. முன்பக்கக் குழாய்கள் முன்கண்ணாடிக்குப் பக்கத்துத் தூண் வழியாக இறங்கி, முன்கதவுக் கீல் பக்கமோ முன்சக்கரத்துக்குப் பின்னாலோ தண்ணீரைக் கொட்டும். பின்பக்கக் குழாய்கள் பின்தூண் வழியாக பம்பர் பக்கம் இறங்கும். அதாவது கூரை ஒழுகாமல் இருப்பது ரப்பரின் கையில் இல்லை, இந்தக் குழாய்களின் கையில் இருக்கிறது.

மாமரம் பூக்கும் காலத்தில் அந்தப் பூத்தூளும் பிசினும் சருகும் காரின்மேல் எப்படிப் படிகிறது என்று உங்களுக்கே தெரியும். அது வாய்க்காலில் இறங்கி, தூசியோடு சேர்ந்து, குழாய் வாயில் களிமண் மாதிரி அடைத்துக்கொள்ளும். அடுத்து நம்ம ஊர்க் கோடை மழை ஒன்று ஒரு மணி நேரம் கொட்டும். வாய்க்கால் நிரம்பி, விளிம்பைத் தாண்டி, உள்கூரைத் துணிக்கு மேலே வழியும். சாட்ஸ்வொர்த் வீடுகளின் முற்றம் எவ்வளவு சரிவு என்பதும் இங்கே முக்கியம். காரின் மூக்கு கீழே பார்த்து நின்றால் மொத்தத் தண்ணீரும் முன்குழாய்களுக்குத்தான் வரும். அதில் ஒன்று அடைத்திருந்தாலே போதும்.

தண்ணீர் உச்சந்தலையில் சொட்டினால் நல்லது என்பேன், உடனே தெரிந்துவிடும். பெரும்பாலும் அது தூணுக்குள்ளேயே இறங்கி, காலடிக் கம்பளத்துக்கு அடியில் இருக்கும் பஞ்சில் போய்ச் சேரும். அந்தப் பஞ்சு வாளிக்கணக்கில் தண்ணீர் குடிக்கும், மேலே கம்பளம் காய்ந்த மாதிரியே இருக்கும். காலையில் கண்ணாடிகள் எல்லாம் உட்பக்கம் பனி மூடியிருப்பது, சிக்னல் ரோபோட்டில் பிரேக் பிடிக்கும்போது தலைக்கு மேலே சளக்கென்று ஒரு சத்தம், உள்கூரையின் மூலையில் தேநீர் நிறத்தில் ஒரு கறை, ஏசி போட்டதும் ஈரச் சாக்கு வாசனை: இவைதான் அறிகுறிகள். அந்தக் காலடியில்தான் பல கார்களில் வயர்க் கட்டுகளும், கதவுப் பூட்டு, விளக்கு முதலியவற்றை நடத்தும் கணினிப் பெட்டியும் இருக்கின்றன. சீட்டுக்கு அடியில் ஏர்பேக், பெல்ட் இணைப்புகள் இருக்கின்றன. அந்த இணைப்புகளில் பச்சை பூத்த பிறகு வரும் பில், குழாயைச் சுத்தம் செய்யும் செலவோடு ஒப்பிடவே முடியாதது.

என் சொந்தக் கதை ஒன்று. பல வருஷத்துக்கு முன் நானே ஒரு சன்ரூஃப் கார் வைத்திருந்தேன். ஒழுகியது. கொண்டுபோன இடத்தில் இரண்டு முறை ரப்பரை மாற்றினார்கள், இரண்டு முறையும் காசு வாங்கினார்கள். மூன்றாவது முறை ஒரு வயதான மெக்கானிக் கூரையைத் திறந்து, வாய்க்காலின் இடது மூலையில் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றி, காருக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. வலது மூலையில் ஊற்றினார், உடனே சொட்டியது. அவ்வளவுதான் பரிசோதனை. எனக்கு வந்த வெட்கத்தை விடுங்கள், நான் அப்போதே மதிப்பீட்டாளர்!

அடைப்பை எடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. புல் வெட்டும் இயந்திரத்துக்குப் போடும் நைலான் நூல், 2 மில்லிமீட்டர் தடிமன், நுனியை நெருப்பில் காட்டி உருட்டிக்கொண்டு மெதுவாக உள்ளே விட வேண்டும். துணி மாட்டும் கம்பியை விடாதீர்கள், குழாயைக் குத்திவிடும். பெட்ரோல் பங்க்கில் இருக்கும் காற்றையும் அடிக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் குழாய் மேல் இணைப்பிலிருந்து கழன்றுவிட்டால், அதன்பிறகு அடைப்பே இல்லாமல் தண்ணீர் நேராக உள்ளே கொட்டும். அதைச் சரிசெய்ய உள்கூரையை இறக்க வேண்டும். உங்கள் மரத்துக்கு, பூக்காலம் முடிந்ததும் ஒரு தரம், மழைக்காலத்தின் நடுவில் ஒரு தரம் பார்த்தால் போதும்.

இப்படிப் பார்த்துக்கொள்ளும் ஆள் நீங்கள் என்றால் சன்ரூஃப் பெரிய வில்லன் இல்லை. கார் கழுவுவதையே மருமகனிடம் விடுகிற ஆள் என்றால் யோசியுங்கள். ஏனென்றால் அடைபட்ட குழாய் 'பராமரிப்பு' என்ற கணக்கில் போய்விடும், வாரண்டி அதை ஏற்பது அரிது. காப்பீடும் திடீரென்று நடப்பதற்குத்தான். ஆலங்கட்டி விழுந்து கூரைக் கண்ணாடி உடைந்தால் கோரலாம், மாதக்கணக்கில் மெல்ல ஊறிய ஈரத்துக்கு வழக்கமாக விலக்கு வைத்திருப்பார்கள். கையெழுத்து போடும் முன், கோரும்போது நாம் கையிலிருந்து கட்டும் எக்சஸ் பற்றி உங்கள் புரோக்கரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'கூரைக் கண்ணாடி, முன்கண்ணாடி மாதிரி குறைந்த எக்சஸில் வருமா, இல்லை முழு எக்சஸா?' பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

சூடு

உங்கள் கணக்கில் பாதி உண்மை இருக்கிறது. வெயிலில் நின்ற காரில் ஏறியதும் கூரையைச் சற்றுத் தூக்கி வைத்து ஓட்டினால், மேலே தேங்கிய சூடான காற்று சீக்கிரம் வெளியேறும். முதல் இரண்டு மூன்று நிமிஷத்துக்கு அது நன்மைதான். ஆனால் நான்கு ஜன்னலையும் இறக்கினாலும் அதே வேலை நடக்கும், அதற்கு ஒரு காசு கூட இல்லை.

மற்ற பாதிதான் சிக்கல். டிசம்பரில் நண்பகல் சூரியன் டர்பனில் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். அப்போது வெயில் பக்க ஜன்னல்கள் மேல் விழுவதைவிடக் கூரை மேல்தான் விழும். சாதாரணக் கூரை என்றால் வெள்ளைப் பெயின்ட் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும், தகட்டுக்குக் கீழே பஞ்சும் துணியும் இருக்கும். கண்ணாடிக்கு அந்தக் காவல் இல்லை. தெளிந்த வானத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட் வெயில் விழும். பனோரமிக் கண்ணாடி முக்கால் சதுர மீட்டருக்கு மேல் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருப்பு நிறம் ஏற்றிய கண்ணாடி அதில் கால்பங்கை மட்டும் உள்ளே விட்டாலும் 200 வாட் வருகிறது. பழைய காலத்து 100 வாட் குண்டு பல்பு இரண்டை, பின்சீட்டில் இருக்கும் உங்கள் மகளின் தலைக்கு மேல் எரியவிட்ட மாதிரி. கார் ஏசியின் திறன் பல ஆயிரம் வாட், ஆகவே அது சமாளித்துவிடும். ஆனால் காற்று குளிர்ந்தாலும் உச்சந்தலையில் காய்கிற உணர்வு போகாது.

அதற்குத்தான் உள்மறைப்பு. டெமோ காரில் அதைப் போய்ப் பாருங்கள். சில கார்களில் அது கெட்டியான பலகை, வெளிச்சமே விடாது. சிலவற்றில் சுருளும் மெல்லிய துணி, கையை அதன் பின்னால் வைத்தால் நிழல் தெரியும். மெல்லிய துணி என்றால் உங்கள் சாலையில் கோடை முழுக்க அதை மூடியே வைப்பீர்கள், சூடும் கொஞ்சம் வரும். மூடியே வைக்கும் கூரைக்கு எதற்குக் கூடுதல் காசு என்று உங்கள் மனைவி கேட்பார், எனக்கும் பதில் தெரியாது. இன்னொன்று: கூரையை மொத்தமாகத் திறந்து வைத்துவிட்டுக் கடைக்குள் போகாதீர்கள். மழையைக்கூட மன்னிக்கலாம், நம்ம ஊர்க் குரங்குகள் உள்ளே இறங்கிவிட்டால் சீட்டு மிஞ்சாது.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நெடுஞ்சாலை வேகத்தில் திறந்த கூரையிலிருந்து காதை அமுக்கும் 'தும் தும் தும்' வரும். பாட்டில் வாயில் ஊதினால் வரும் சத்தம்தான் அது, பின் ஜன்னலை இரண்டு விரல் இறக்கினால் அடங்கிவிடும். ஆனால் மூடிய கூரையிலிருந்து சரிவான முற்றத்தில் ஏறி இறங்கும்போது வரும் க்ரீச் வேறு. ரப்பர் காய்ந்ததன் அடையாளம் அது. தயாரிப்பாளர் சொல்லும் பசையைத் தடவினால் பெரும்பாலும் போய்விடும். தண்டவாளத்தில் கண்ட கிரீஸைப் பூசினால் தூசி ஒட்டி மோட்டாரைத்தான் பாதிக்கும். அந்த மோட்டாரும் தண்டவாளமும் பல மாடல்களில் தனித்தனியாகக் கிடைக்காது, மொத்த அமைப்பாகத்தான் வாங்க வேண்டும்.

18 அங்குலம்: 26 மில்லிமீட்டரின் கதை

உங்கள் காரில் 16 அங்குலத்துக்கு வரும் டயர் 205/60 ஆர்16. 205 என்பது அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 60 சதவீதம். அதாவது 123 மில்லிமீட்டர் ரப்பர். 18 அங்குலத்துக்கு 215/45. அதில் 45 சதவீதம் என்றால் 97 மில்லிமீட்டர்கூட முழுதாக இல்லை. இரண்டு சக்கரத்தின் மொத்த விட்டமும் ஏறத்தாழ ஒன்றுதான், 65 சென்டிமீட்டர் சொச்சம். ஆகவே 'சக்கரம் பெரிது' என்பது கண்ணுக்கு மட்டும். உண்மையில் நடப்பது, உலோகம் பெரிதாகி ரப்பர் 26 மில்லிமீட்டர் குறைந்துவிட்டது. குழியில் உங்கள் ரிம்மைக் காப்பாற்றும் மெத்தை இந்த ரப்பரும் அதற்குள் இருக்கும் காற்றும்தான்.

குழியில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். சக்கரம் உள்ளே இறங்கும்போது பெரிய சேதம் இல்லை. எதிர் விளிம்பில் மோதி ஏறும்போதுதான் டயர் நசுங்கி, தார் விளிம்புக்கும் ரிம் உதட்டுக்கும் நடுவில் பக்கச்சுவர் கிள்ளப்படுகிறது. அதில் உள்ளே இருக்கும் நூல்கள் அறும். நூல் அறுந்த இடத்தில் காற்று ரப்பரைத் தள்ளி, முட்டை மாதிரி ஒரு வீக்கம் வரும். அது சில சமயம் சில நாள் கழித்துத்தான் தெரியும். அந்த வீக்கத்துக்கு ஒட்டு, பேட்ச் எதுவும் கிடையாது, டயரை மாற்றத்தான் வேண்டும். அதோடு என்3இல் மாமனார் வீட்டுக்குப் போகவே கூடாது.

ரிம்மின் கதை இன்னும் மோசம். முன்பக்கம் பளபளவென்று இருக்கும், உட்பக்க உதடுதான் வளையும், சில சமயம் விரிசல் விடும். காரை ஏற்றி, சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். வாரத்துக்கு ஒரு முறை ஒரே சக்கரத்தில் காற்று குறைகிறது, 80 முதல் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறது, பேலன்ஸ் செய்தும் போகவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். லேசான வளைவை நல்ல கடையில் நிமிர்த்தலாம். ஆனால் கம்பிகளுக்குப் பக்கத்தில், போல்ட் பக்கத்தில் விரிசல் விட்ட அலாயை வெல்டிங் வைத்து ஓட்டுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை.

அப்புறம் அந்த டைமண்ட் கட். முகத்தை லேத்தில் சீவி, மேலே தெளிந்த வார்னிஷ் பூசிய ரிம் அது. நடைபாதை விளிம்பில் ஒரு உரசல் பட்டு வார்னிஷ் கிழிந்தால், நம்ம கடல் காற்று அதற்கு அடியில் புகுந்து, வெள்ளைப் புழு ஊர்ந்த மாதிரி அரிப்பு படரும். பெயின்ட் மட்டும் அடித்துச் சரியாக்க முடியாது, மறுபடியும் சீவ வேண்டும். ஒவ்வொரு முறையும் உலோகம் குறைவதால் அதற்கும் எல்லை உண்டு. உம்ஷ்லாங்கா கடற்கரையோரம் நாள் முழுக்க நிற்கப் போகும் காருக்கு இந்த ரிம்மை யார் தேர்ந்தெடுத்தார்களோ!

பிடிமானம் பற்றி. உலர்ந்த வளைவில் 18 அங்குலம் ஸ்டியரிங்குக்குக் கூர்மையாகப் பதில் சொல்லும், அது உண்மை. ஆனால் என்2இல் தண்ணீர் தேங்கிய மழை நாளில் அகலமான டயர் நீரின்மேல் மிதக்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். பிரேக் தூரம் டயரின் தரத்தையும் பள்ளக் கோட்டின் ஆழத்தையும்தான் அதிகம் நம்பியிருக்கிறது, ரிம் அளவை அல்ல. 2,100 ராண்டுக்கு நல்ல 16 அங்குல டயர் வாங்கும் ஆள், காசு போதாமல் பேர் தெரியாத 18 அங்குல டயரைப் போடும் ஆளைவிடப் பாதுகாப்பாகத்தான் போவார். சொரசொரப்பான கல் போட்ட சாலையில் வரும் 'ஹூம்' என்ற இரைச்சலும் 18இல் கூடுதலாகக் கேட்கும். வாங்கும் முன் இரண்டு காரையும் நெடுஞ்சாலையில் ரேடியோவை அணைத்து ஓட்டிப் பாருங்கள், டீலர் வாசலைச் சுற்றி வருவது பரிசோதனை இல்லை. டிக்கியைத் திறந்து உதிரிச் சக்கரத்தையும் பாருங்கள். ஒல்லியான தற்காலிகச் சக்கரமாக இருந்தால் அதில் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது, ராத்திரியில் குடும்பத்தோடு மலை ஏறும்போது அது நினைவில் இருக்கட்டும்.

அந்த 800 ராண்ட்

விற்பனையாளர் பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொன்னார். நீங்கள் தந்த வட்டிக்குப் போட்டுப் பார்த்தேன். 48,000 வித்தியாசத்துக்கு 30 சதவீத பலூனோடு மாதம் 794 ராண்ட் வருகிறது. 72 மாதத்துக்கு அது 57,100 சொச்சம். கடைசியில் அந்த 48,000இன் பலூன் பங்கு 14,400 தனியாகக் கட்ட வேண்டும். மொத்தம் சுமார் 71,500. பலூன் இல்லாமல் என்றால் மாதம் 932, மொத்தம் சுமார் 67,100. பலூன் மாதத் தவணையைக் குறைக்கிறது, விலையைக் கூட்டுகிறது.

டயரையும் சேருங்கள். ஆறு வருஷத்தில் நீங்கள் 150,000 கிலோமீட்டர் ஓடுவீர்கள். ஒரு செட் 45,000 ஓடும் என்று தாராளமாக வைத்துக்கொண்டால், காரோடு வரும் செட்டைத் தவிர மூன்று செட் வாங்க வேண்டும். டயருக்கு 1,100 வித்தியாசம், நான்கு டயர், மூன்று தரம்: 13,200 ராண்ட். ஆக வித்தியாசம் 48,000 அல்ல, 85,000 பக்கம். இதில் குழியில் போகும் ஒரு ரிம், கூரையில் வரும் ஒரு பழுது சேர்க்கப்படவில்லை. விற்கும்போது உயர்ந்த ரகத்துக்குக் கொஞ்சம் கூடுதல் கிடைக்கும்தான். ஆனால் 150,000 கிலோமீட்டர் ஓடிய காரை வாங்குபவர், ஓடிய தூரம், சர்வீஸ் புத்தகம், ரிம் கீறல் இவற்றைப் பார்த்துத்தான் விலை பேசுவார். பழைய சன்ரூஃபைப் பார்த்து மகிழ்வதைவிட, ஒழுகுமோ என்று சந்தேகப்படுவார்.

ஆகவே என் கருத்து: உங்கள் மனைவி சொல்வது சரி. புதிய 16 அங்குலக் காரை எடுங்கள். மிச்சப்படும் காசில் பலூனைக் குறைத்துக்கொள்ளுங்கள். மேல் ரகத்தில் உண்மையாகப் பயன்படும் ஒன்றிரண்டு இருக்கும், பின் கேமரா மாதிரி. அவை கீழ் ரகத்தில் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். பளபளக்கும் கருப்புப் பிளாஸ்டிக், சீட்டில் கருப்புத் தோல், ஏசிக்குப் பொத்தானுக்குப் பதில் தொடுதிரை ஆகியவற்றுக்கு நான் காசு கொடுக்க மாட்டேன். டர்பன் வெயிலில் கருப்புத் தோலில் அரைக்கால்சட்டையோடு உட்கார்ந்து பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும்.

மகள் ஜெயித்துவிட்டால்

வீட்டில் யார் ஜெயிப்பார்கள் என்று எனக்கும் தெரியும். அப்படி டெமோ காரை எடுப்பதானால், பணம் கட்டும் முன் செய்ய வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

நான்கு டயரின் பக்கச்சுவரிலும் நான்கு இலக்க எண் இருக்கும். 3224 என்றால் 2024ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்தது. நான்கும் அருகருகே இருக்க வேண்டும். ஒன்று மட்டும் வேறு தேதியோ வேறு பிராண்டோ என்றால், டெமோ ஓட்டத்தில் ஏதோ குழியில் போயிருக்கிறது. அந்த ரிம்மைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். காரை மேடையில் ஏற்றி, சக்கரத்தைச் சுழற்றி, உட்பக்க உதட்டைப் பாருங்கள். ஒரே இடத்தில் கொத்தாக பேலன்ஸ் ஈயம் ஒட்டியிருந்தாலும் கேளுங்கள்.

18ஐ வேண்டாம் என்று 16க்கு மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. பிரேக் இடம் கொடுக்குமா, சுமை எண் சரியா என்று தயாரிப்பாளரின் பட்டியலில் பார்த்துவிட்டு, டீலரையே சக்கரம் மாற்றித் தரச் சொல்லிப் பேரம் பேசுங்கள். மாற்றினால் காப்பீட்டுக்கும் சொல்லிவிட வேண்டும்.

உரிமை பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 55, 56ஆம் பிரிவுகள் டீலரிடம் வாங்கும் டெமோ காருக்கும் பொருந்தும். வாங்கிய 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், பழுது பார்ப்பதா, வேறு கார் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு. 'இருந்தபடியே விற்பனை' என்ற ஒரு வரியால் அதை மொத்தமாக அழிக்க முடியாது. ஆனால் குறிப்பிட்ட குறையைத் தெளிவாகச் சொல்லி, நீங்கள் அதை ஏற்றுக் கையெழுத்து போட்டிருந்தால் அதற்குப் பிறகு அந்தக் குறையைச் சொல்ல முடியாது. ஆகவே படித்துக் கையெழுத்து போடுங்கள். டீலர் மறுத்தால் மோட்டார் தொழிலுக்கென்று புகார்களை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது. குழியில் சேதமாகி நகராட்சியிடம் இழப்பீடு கேட்பதானால் அது வேறு பாதை. 2002ஆம் ஆண்டின் 40ஆம் எண் சட்டப்படி 6 மாதத்துக்குள் எழுத்தில் அறிவிப்பு கொடுக்க வேண்டும். குழியின் படம், இடம், தேதி, டயர் கடை ரசீது எல்லாம் அன்றே எடுத்து வைத்தால்தான் அது நிற்கும்.

வாரண்டி, டெமோ கார் முதலில் பதிவான நாளிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. 9 மாதம் ஏற்கெனவே போய்விட்டது. அந்தத் தேதியையும், கூரை ஒழுகினால் யார் பார்ப்பார்கள் என்பதையும் வாங்கும் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம், சனிக்கிழமை டீலரிடம் போகும்போது ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துப் போங்கள். கூரையைத் திறக்கச் சொல்லி, வாய்க்காலின் முன்மூலை இரண்டிலும் ஒவ்வொரு கோப்பை மெதுவாக ஊற்றுங்கள், மகளைக் காருக்கு அடியில் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் சில நொடியில் சொட்ட வேண்டும். விற்பனையாளர் ஊற்றவே விடவில்லை என்றால் புதிய காரின் சாவியைக் கேளுங்கள்.